பாட்டி சொல்லும் தங்கமும் பேத்தி போடும் கணக்கும்

கேள்வி: பாட்டி என் சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் தங்கம் வாங்கிச் சேர்க்கச் சொல்கிறார். "விலைவாசி ஏற ஏற தங்கமும் ஏறும், காசுதான் கரையும்" என்கிறார். வட்டி தராத பொருளில் எதற்குப் பணத்தை முடக்க வேண்டும் என்பது என் வாதம். பணவீக்கத்திலிருந்து தங்கம் உண்மையிலேயே காப்பாற்றுமா?

பதில்: இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரித்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். ஒரு குடும்பம் கொஞ்சம் தங்கம் வைத்துக்கொள்ள நியாயமான காரணம் உண்டா என்பது ஒன்று. விலைவாசி ஏறும்போது தங்கமும் கூடவே ஏறுமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு என் பதில், உண்டு. இரண்டாவதற்கு, ஒரு மனிதர் சம்பாதித்துச் சேர்த்துச் செலவழிக்கும் கால அளவில் பார்த்தால், அப்படி எந்த உறுதியும் கிடையாது. நான் படித்தது பொருளாதாரம். வேலை பார்த்தது, அடகுக்கு வரும் நகைகளை உரைத்துப் பார்த்து மதிப்புப் போடும் மேசையில். அதனால் புத்தகத்தில் இருக்கும் தங்கத்தையும் தராசில் ஏறும் தங்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் நடக்கும் பேச்சு என் அம்மாவுக்கும் என் மகளுக்கும் இடையே பல தடவை நடந்திருக்கிறது. மகள் கணக்கு படித்தவள், விடமாட்டாள். அம்மாவும் விடமாட்டார். அவர்கள் பேசியதை வைத்தே போகிறேன், ஏனென்றால் இருவரிடமும் சரக்கு இருந்தது.

"தங்கம் ஏன் பாட்டி இப்படி ஏறுது?"

"தங்கம் எங்கடி ஏறுச்சு? அன்னைக்கும் பத்து கிராம் பத்து கிராம்தான், இன்னைக்கும் அதேதான். காசுதான் இளைச்சுப் போச்சு."

அம்மா சொன்னதில் பெரும்பகுதி சரி. இதுவரை உலகில் தோண்டி எடுத்த தங்கம் 2 லட்சம் டன்னுக்கு மேல் இருக்கும் என்பது மதிப்பீடு. அதில் அநேகமாக எல்லாமே நகையாகவோ கட்டியாகவோ இன்னும் எங்கோ இருக்கிறது, ஏனென்றால் அது துருப்பிடிக்காது, தீர்ந்தும் போகாது. ஆண்டுக்குப் புதிதாகச் சுரங்கத்திலிருந்து வருவது சுமார் 3,500 டன், அதாவது இருப்பில் 2 சதவீதத்துக்கும் குறைவு. விலை இரண்டு மடங்கு ஆனாலும் அடுத்த ஆண்டே இரண்டு மடங்கு தோண்டிவிட முடியாது. புதுச் சுரங்கம் திறக்கப் பல ஆண்டுகள் ஆகும். காகிதப் பணத்துக்கு இந்தத் தடை இல்லை. ஓர் அரசுக்கும் அதன் மத்திய வங்கிக்கும் தேவைப்பட்டால் புழக்கத்தில் இருக்கும் பணத்தைச் சில ஆண்டுகளிலேயே இரண்டு மடங்காக்கிவிடலாம்.

ஒரு காலத்தில் பணமே தங்கத்தோடு கட்டப்பட்டிருந்தது. 1934 முதல் ஓர் அவுன்ஸ் தங்கம் 35 டாலர் என்று அமெரிக்கா நிர்ணயித்து வைத்திருந்தது. இங்கே அவுன்ஸ் என்பது 31.1 கிராம். மற்ற நாடுகளின் மத்திய வங்கிகள் தங்கள் டாலரைக் கொடுத்து அந்த விலைக்குத் தங்கம் வாங்கிக்கொள்ள முடிந்தது. 1971 ஆகஸ்ட் 15 அன்று அதிபர் நிக்சன் அந்த வழியை அடைத்தார். அதற்குப் பிறகு எந்தப் பெரிய நாட்டுப் பணத்துக்கும் தங்கப் பிடிமானம் இல்லை. அந்த 35 டாலர் இடத்தில் 2025 அக்டோபரில் 4,000 டாலரைத் தாண்டி விலை நின்றது. இவ்வளவு நீண்ட காலத்தை எடுத்துக்கொண்டால் அம்மாவை யாரும் மறுக்க முடியாது. காசு இளைத்தது, தங்கம் இளைக்கவில்லை.

மகள் அதோடு விடவில்லை.

"அப்ப விலைவாசி பத்து சதவீதம் ஏறினா தங்கமும் பத்து சதவீதம் ஏறணுமே?"

"ஏறும்."

"எப்போ ஏறும்?"

"கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும். எல்லாத்துக்கும் அவசரம் உனக்கு."

இந்த "முன்னப்பின்ன"வில்தான் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. 1980-ல் அமெரிக்காவில் ஒருவர் சேமிப்பைத் தங்கமாக மாற்றினார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு ஜனவரியில் விலை 850 டாலரைத் தொட்டது, ஆனால் அது ஒரு நாள் உச்சம். அதை வைத்துக் கணக்குப் போட்டால் தங்கத்துக்கு அநியாயம். ஆண்டுச் சராசரியான சுமார் 615 டாலரையே எடுப்போம். 2001-ல் சராசரி விலை சுமார் 271 டாலர். 100 டாலருக்கு வாங்கிய தங்கம் 21 ஆண்டுகள் கழித்து 44 டாலர்தான் பெறும். அதே காலத்தில், 1980-ல் 100 டாலருக்கு வாங்கிய வீட்டுச் சாமான்களுக்கு 2001-ல் 215 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. 44-ஐ 215-ஆல் வகுத்தால் ஐந்தில் ஒரு பங்கு வருகிறது. விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறிய காலத்தில், அதிலிருந்து காப்பாற்றும் என்று நம்பி வாங்கிய பொருள் வாங்கும் சக்தியில் ஐந்தில் நான்கு பங்கை இழந்தது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், அந்த 1980 ஜனவரி உச்சத்தைத் தங்கம் மறுபடி எட்ட 2025 ஆகிவிட்டது.

ஏன் அப்படி ஆயிற்று என்பது முக்கியம், அது புரிந்தால் மற்றதெல்லாம் புரியும். 1970-களில் அமெரிக்காவில் வங்கியில் போட்டால் கிடைக்கும் வட்டி விலைவாசி ஏற்றத்தைவிடப் பல ஆண்டுகள் குறைவாக இருந்தது. பணத்தை வைத்திருப்பவர் தினமும் கொஞ்சம் இழந்துகொண்டிருந்தார், அதனால் தங்கத்துக்கு ஓடினார். பிறகு பால் வோல்க்கர் தலைமையில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைக் கடுமையாக ஏற்றியது. 1981 வாக்கில் அது 19, 20 சதவீதத்தைத் தொட்டது. விலைவாசி ஏற்றம் அடங்கிய பிறகும் வட்டி நெடுநாள் அதற்கு மேலேயே நின்றது. சும்மா வைப்பில் போட்டாலே விலைவாசியைக் கழித்து மிச்சம் வருகிறது என்றால், வட்டி தராத தங்கத்தை யார் சீண்டுவார்கள்?

ஆக, தங்கம் பார்ப்பது விலைவாசி ஏற்றத்தை மட்டுமல்ல. வட்டியில் விலைவாசி ஏற்றத்தைக் கழித்தால் என்ன மிஞ்சுகிறது என்பதை அது பார்க்கிறது. இதை உண்மை வட்டி என்பார்கள். வைப்பு வட்டி 7 சதவீதம், விலைவாசி 4 சதவீதம் ஏறுகிறது என்றால் உண்மை வட்டி 3. வட்டி 7, விலைவாசி ஏற்றம் 11 என்றால் மைனஸ் 4. மைனஸில் இருக்கும் ஊரில் தங்கம் வைத்திருப்பவருக்கு இழப்பதற்கு வட்டி என்று ஒன்றும் இல்லை. நீங்கள் "வட்டி தராத பொருள்" என்று சொல்வது உண்மை வட்டி பிளஸில் இருக்கும்போது வலுவான வாதம். மைனஸில் இருக்கும்போது அந்த வாதத்துக்கு உயிரில்லை.

இதைச் சமீபத்திய ஒரு நிகழ்ச்சியில் தெளிவாகப் பார்க்கலாம். என் மகளுக்கும் அம்மாவுக்கும் பாதிச் சமாதானம் ஆனதும் இந்தக் கணக்கில்தான். 2020 டிசம்பர் கடைசியில் இரண்டு குடும்பங்கள் ஒரே அளவு தங்கம் வாங்கி, 2022 டிசம்பர் கடைசி வரை வைத்திருந்ததாகக் கொள்ளுங்கள். ஒரு குடும்பம் அமெரிக்காவில், இன்னொன்று துருக்கியில்.

அமெரிக்கக் குடும்பம் வாங்கியபோது அவுன்ஸ் சுமார் 1,900 டாலர். இரண்டு ஆண்டு கழித்து சுமார் 1,825. அங்கே விலைவாசி 2021-ல் 7 சதவீதமும் 2022-ல் 6.5 சதவீதமும் ஏறியது, சேர்த்தால் சுமார் 14 சதவீதம். 2022 ஜூனில் ஆண்டு ஏற்றம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. நாற்பது ஆண்டுகளில் அந்த நாடு பார்க்காத பணவீக்கம். தங்கம் தன் பெயரைக் காப்பாற்ற வேண்டிய சரியான நேரம் அது என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் அது ஏறவில்லை, 4 சதவீதம் இறங்கியே இருந்தது. காரணம், ஜீரோவை ஒட்டி இருந்த வட்டியை மத்திய வங்கி 2022-க்குள்ளேயே 4 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனது. பணவீக்கச் செய்தி வந்ததும் தங்கம் வாங்குவதா, வட்டி ஏறப்போகிறது என்று விற்பதா என்ற இழுபறியில் விற்றவர்கள் ஜெயித்தார்கள்.

துருக்கிக் குடும்பத்துக்கு அதே தங்கம், அதே இரண்டு ஆண்டுகள். அங்கே மத்திய வங்கி நேர் எதிராக நடந்தது. விலைவாசி ஏறிக்கொண்டிருக்கும்போதே 2021 செப்டம்பரில் 19 சதவீதமாக இருந்த வட்டியை அந்த ஆண்டு முடிவதற்குள் 14 ஆக்கியது, 2022 நவம்பருக்குள் 9 ஆக்கியது. உண்மை வட்டி பாதாளத்துக்குப் போயிற்று. ஒரு டாலருக்கு ஏழரை லிரா என்று இருந்தது 18.7 லிரா ஆனது. டாலரில் தங்கம் கொஞ்சம் இறங்கியிருந்தும், லிராவில் அது கிட்டத்தட்ட 2.4 மடங்காகிவிட்டது. அரசாங்கக் கணக்குப்படி அந்த இரண்டு ஆண்டுகளில் விலைவாசி 2021-ல் 36 சதவீதமும் 2022-ல் 64 சதவீதமும் ஏறியது. பெருக்கினால் 2.2 மடங்கு. தங்கம் வாங்கிய குடும்பம் விலைவாசிக்கு ஈடுகொடுத்து ஒரு படி மேலேயும் நின்றது. பணத்தை வட்டியில்லாமல் கையிலேயே வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் வாங்கும் சக்தியில் பாதிக்கு மேல் இழந்திருப்பார்.

"பாத்தியா, நான் சொன்னதுதான்" என்றார் அம்மா.

"நீங்க சொன்னது துருக்கிக்குச் சரி பாட்டி. அமெரிக்காவுக்குச் சரியில்லை."

"எந்த ஊரு எப்ப துருக்கி ஆகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

மகள் வாயடைத்துப்போனது அன்று ஒரு நாள்தான். இந்தக் கேள்விக்குள்தான் முழு விஷயமும் இருக்கிறது. சாதாரணமான, ஆண்டுக்கு 4, 5 சதவீதம் என்று ஊர்ந்து வரும் விலைவாசி ஏற்றத்துக்குத் தங்கம் மோசமான மருந்து. சில சமயம் ஏறும், சில சமயம் இருபது ஆண்டு படுத்துவிடும். ஆனால் சொந்த நாட்டுப் பணமே சரிந்துபோகும் ஆபத்துக்கு அது நல்ல காப்பு, ஏனென்றால் அதன் விலை உலகச் சந்தையில் முடிவாகிறது, உள்ளூர் மத்திய வங்கி என்ன செய்தாலும் அதைத் தொட முடியாது. பணம் சரிந்து பார்த்த தலைமுறை தங்கத்தை விடாது. அதைப் பார்க்காத தலைமுறைக்கு அது வீண் முடக்கமாகத் தெரியும். பாட்டிக்கும் பேத்திக்கும் இடையில் இருப்பது அறிவு வித்தியாசம் இல்லை, அனுபவ வித்தியாசம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உண்மை வட்டி ஏறினால் தங்கம் இறங்கும் என்ற விதி நெடுங்காலம் நன்றாகப் பொருந்தி வந்தது. 2022-க்குப் பிறகு அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. அமெரிக்காவில் வட்டி உயரத்திலேயே இருக்கும்போது தங்கம் சாதனை விலைகளைத் தொட்டது. 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் மத்திய வங்கிகள் சேர்ந்து ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் வாங்கின. ரஷ்யாவின் வெளிநாட்டுக் கையிருப்பு 2022-ல் முடக்கப்பட்டதைப் பார்த்த பிறகு, யாரும் முடக்க முடியாத சொத்து தங்கள் பெட்டகத்தில் இருக்கட்டும் என்று சில நாடுகள் நினைத்ததை ஒரு காரணமாகப் பலரும் சொல்கிறார்கள். எனக்கும் அது பொருந்துவதாகவே படுகிறது, ஆனால் ஏற்றத்தில் எத்தனை பங்கு அதனால் என்று பிரித்துச் சொல்பவரை நம்பாதீர்கள். அடுத்த ஆண்டு விலை என்ன என்று சொல்பவரையும்தான்.

இதுவரை பேசியது சுத்தத் தங்கம். உங்கள் பாட்டி வாங்கச் சொல்வது நகையாக இருந்தால் கணக்கு இன்னொரு மாதிரி. என் மேசையில் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

22 காரட் நகை என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். மிச்சம் செம்பும் வெள்ளியும் போன்ற கலப்பு, அது இல்லாவிட்டால் நகை வளைந்துவிடும். அடகுக்கோ விற்கவோ ஒரு நகை வந்தால் முதலில் எடை போடுவோம். பிறகு கல் பதித்திருந்தால் அதன் எடையைக் கழிப்போம், உள்ளே அரக்கு நிரப்பிய நகையானால் அதையும். உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தரம் தெரிந்த ஊசியால் இன்னொரு கோடு இழுத்து, இரண்டின் மேலும் அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போம். தரம் குறைந்த கோடு முதலில் மங்கும். இப்போது எக்ஸ்ரே வைத்துக் காரட் சொல்லும் இயந்திரங்கள் வந்துவிட்டன, ஆனால் அவை மேல்பரப்பைத்தான் படிக்கும். தடிமனான முலாம் அதை ஏமாற்றிவிடும், அதனால் சந்தேகம் வந்தால் மறைவான இடத்தில் லேசாக அராவிவிட்டுத்தான் பார்ப்போம். சங்கிலியில் பற்றுவைத்த இடங்களில் தரம் குறைவாக இருப்பதும் சகஜம். கண்ணிகள் அதிகமான சங்கிலியை உருக்கினால் முத்திரையில் சொன்ன அளவு வராமல் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சடங்கு முழுவதிலும் கூலிக்கும் சேதாரத்துக்கும் ஒரு பைசா மதிப்பு கிடையாது. வாங்கும்போது கொடுத்தது, விற்கும்போது காணாமல் போய்விடும். கணக்கு சுலபமாக இருக்க, நகைத் தங்கம் கிராமுக்கு 100 என்று வைத்து 10 கிராம் வாங்குவோம். தங்கத்தின் விலை 1,000. கூலியும் சேதாரமும் சேர்த்து 15 சதவீதம் என்றால் கையை விட்டுப்போவது 1,150. வரி தனி, அதை விட்டுவிடுகிறேன். மறுநாளே விற்கப் போனால், வாங்குபவர் உருக்கும் செலவு, தரக்குறைவு என்று 3 சதவீதம் கழித்து 970 தருவார். 1,150 போட்டு 970. தங்கம் சுமார் 19 சதவீதம் ஏறினால்தான் போட்ட காசு திரும்பும். ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்றால் அதற்கு மூன்றரை ஆண்டு.

"அப்ப நாலு வருஷம் வெச்சிருந்தா போதுமே" என்றார் அம்மா.

போதாது, இங்கேதான் பணவீக்கம் உள்ளே வருகிறது. தங்கம் விலைவாசியோடு சரிக்குச் சரி ஏறுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதாவது பாட்டி சொல்வது அப்படியே பலிக்கிறது. விலைவாசி இரண்டு மடங்கானால் நகைக்குக் கிடைப்பது 970-க்குப் பதில் 1,940. ஆனால் அன்று 1,150-க்கு வாங்கிய சாமான்களுக்கு இன்று 2,300 வேண்டும். எத்தனை ஆண்டு கழித்து விற்றாலும் அதே விகிதம்தான், 84 சதவீதம். தங்கம் பணவீக்கத்தைத் துல்லியமாகப் பின்தொடர்ந்தாலும் கூலிக்குக் கொடுத்த வாங்கும் சக்தி திரும்ப வருவதே இல்லை. அது வர வேண்டுமானால் தங்கம் விலைவாசியைத் தாண்டி ஏற வேண்டும். இதனால் நகை வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. போட்டுக்கொள்ளும் சந்தோஷத்துக்கு ஒரு விலை உண்டு, அதை அலங்காரச் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள், சேமிப்பில் எழுதாதீர்கள். சேமிப்புக்கு என்றால் வேலைப்பாடு இல்லாத நாணயம், கட்டி. அவற்றில் கூலி மிகக் குறைவு. மிகச் சிறிய எடைகளில் மட்டும் கவனம், ஒரு கிராம், அரை கிராம் துண்டுகளில் கிராமுக்கு விழும் கூடுதல் விலை பெரிய கட்டியைவிட அதிகம். மாதாமாதம் அரை கிராம் வாங்குவதற்கு, பணத்தை வங்கியில் சேர்த்து ஆண்டுக்கு ஒருமுறை பெரிதாக வாங்குவது மேல்.

இத்தனையும் கேட்டுவிட்டு என் அம்மா சொன்னது வேறு.

"நான் பணவீக்கம் பாத்து வாங்கலடி. உங்க தாத்தாவுக்கு உடம்பு முடியாம போனப்ப நிலத்த விக்க மூணு மாசம் ஆகும்னாங்க. ரெண்டு வளையல கழட்டினேன், ஒரே மணி நேரத்துல பணம். யார் கையெழுத்தும் தேவப்படல."

பாட்டிகள் சொல்லாமல் வைத்திருக்கும் காரணம் பெரும்பாலும் இதுதான், பொருளாதாரத்தில் இதற்கு மதிப்பும் உண்டு. தங்கம் இன்னொருவர் கொடுத்த வாக்குறுதி அல்ல. வைப்பு என்பது வங்கி திருப்பித் தருவேன் என்று சொன்ன சொல், கடன் பத்திரம் அரசு சொன்ன சொல். தங்கத்துக்குப் பின்னால் அப்படி யாரும் நிற்க வேண்டியதில்லை. அதோடு பகுத்துக் கொடுக்கலாம். வீட்டின் ஒரு அறையை மட்டும் விற்க முடியாது, ஒரு வளையலை விற்கலாம். நிலமும் வங்கிக் கணக்கும் ஆண்கள் பெயரிலேயே இருந்த காலங்களில், உலகின் பல பகுதிகளில் பெண்ணுக்குச் சொந்தமென்று அவள் கையிலேயே இருந்த ஒரே சொத்து அவள் நகை. அந்தப் பாதுகாப்பை ஆண்டு வருமானச் சதவீதத்தில் அளந்தால் அது எப்போதும் தோற்கும். அது காப்பீடு, லாபக் கணக்கில் வராது.

அதே சமயம் "யாராலும் பிடுங்க முடியாது" என்று அம்மா அடுத்துச் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. திருட்டை விடுங்கள். 1933 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணை போட்டு, மக்கள் கையில் இருந்த தங்க நாணயங்களையும் கட்டிகளையும் ஒப்படைக்கச் சொன்னார். அவுன்ஸுக்கு 20.67 டாலர் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் விலையை 35 என்று மாற்றினார்கள். சொன்னபடி ஒப்படைத்தவர்களுக்குத்தான் நஷ்டம். அமெரிக்கர்கள் மறுபடி தங்கக் கட்டியைச் சட்டப்படி வைத்துக்கொள்ள 1974 கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆணையில் சாதாரண நகைக்கும், ஆளுக்கு 100 டாலர் வரை நாணயத்துக்கும் விலக்கு இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அம்மா நாளை என்னைப் பிடித்துக்கொள்வார்.

அடகைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெருக்கடியில் விற்காமல் அடகு வைப்பது நல்ல வழி, ஒரு சில மாதத்தில் மீட்டுவிடுவோம் என்ற தெளிவு இருந்தால். மீட்க முடியாமல் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போகும் நகையைப் பாருங்கள். வட்டி தராத தங்கம் என்ற நிலை போய் வட்டி கேட்கும் தங்கமாகிவிடுகிறது. ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்றால், ஆறு ஆண்டில் வட்டியாக மட்டும் கடன் தொகையில் 72 சதவீதம் கட்டியிருப்பீர்கள், அசல் அப்படியே நிற்கும். அந்த வேகத்தில் தங்கம் விடாமல் ஏறும் என்று எண்ணி யாரும் திட்டம் போடக்கூடாது. மீட்க வழி தெரியவில்லை என்றால் ஒரு பகுதியை விற்று மீதியை மீட்பது மேல். சொன்னால் பெரும்பாலோர் கேட்க மாட்டார்கள். ஏலத்துக்குப் போன நகைகளில் பாதி அப்படிப் போனவை என்பது என் அனுமானம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வயது, வருமானம், கடன் எதுவும் நீங்கள் எழுதவில்லை, அதனால் இது பொதுவாகச் சொல்வதுதான். ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படப்போகும் பணத்தைத் தங்கத்தில் போடாதீர்கள், தேதி தெரிந்த செலவுக்குத் தேதி தெரியாத விலையை நம்பக் கூடாது. சில மாதச் செலவுக்கான பணம் உடனே எடுக்கும்படி வங்கியில் இருக்கட்டும். அதற்கு மேல் நீண்ட காலச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கு அளவு தங்கமாக இருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பத்தில் ஒன்று என் தீர்ப்பு, சூத்திரம் எதுவும் இல்லை. உங்கள் நாட்டுப் பணம் அடிக்கடி சரிந்த சரித்திரம் உடையது என்றால் கொஞ்சம் கூட்டலாம். நிலையாக இருந்து, வைப்பு வட்டியும் விலைவாசியை மிஞ்சி நிற்கிறது என்றால் குறைக்கலாம். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். உங்கள் நாட்டு அரசு வெளியிடும் விலைவாசி ஏற்றத்தையும் உங்கள் வங்கி தரும் ஓராண்டு வைப்பு வட்டியையும், வரி போக, பக்கத்தில் எழுதிக் கழித்துப் பாருங்கள். கடந்த பத்து ஆண்டுகளுக்கும் இதைச் செய்தால் பாட்டி பயப்படுவதில் எவ்வளவு நியாயம் என்று தெரிந்துவிடும்.

பாட்டியிடம் ஏற்கெனவே இருக்கும் நகைகளுக்கு ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொன்றையும் எடை போட்டு, மொத்த எடை, கல் எடை, தரம், வாங்கிய ஆண்டு, ரசீது எங்கே இருக்கிறது என்று ஒரு நோட்டில் அவரையே சொல்லவைத்து எழுதி, ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். ரசீதில் மொத்த எடை மட்டும் இருந்து கல் எடை இல்லாவிட்டால் விற்கும்போது வாங்குபவர் சொல்வதுதான் கணக்கு. இனிமேல் வாங்குவதற்கு இரண்டையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.